எரிச்சல் இல்லாத ஹெர்னியாதான் எனக்குக் கவலை தருகிறது

கேள்வி:

டாக்டர் சார், எங்கள் வீட்டில் ரெண்டு பேருக்கு ஹையாடஸ் ஹெர்னியா என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு 41 வயசு, எடை 92 கிலோ, ஹார்பரில் ட்ரெய்லர் ஓட்டுகிறார். ஏழெட்டு மாசமாக நெஞ்செரிச்சல், ராத்திரி படுத்தால் புளிச்ச தண்ணி தொண்டைக்கு வருகிறது. எண்டோஸ்கோப்பியில் 2 செ.மீ. ஸ்லைடிங் ஹெர்னியா, எல்.இ.எஸ். லாக்ஸ் என்று எழுதியிருக்கிறார்கள். மாத்திரை சாப்பிட்டும் சரியாகவில்லை. ஆபரேஷன் செய்தால்தான் தீரும் என்று தெரிந்தவர் ஒருத்தர் சொல்கிறார். என் மாமியாருக்கு 69 வயசு. அவங்களுக்கு எரிச்சலே கிடையாது. ஆனால் நாலு வாய் சாப்பிட்டதும் நெஞ்சு அடைக்குது, மூச்சு வாங்குது என்கிறார்கள். ரத்தம் 7.8தான் இருக்கிறது, ஏற்கெனவே ஒரு தடவை ஏற்றினோம். சி.டி. ஸ்கேனில் பெரிய ஹெர்னியா, டைப் 3, இரைப்பையில் பாதிக்கு மேல் நெஞ்சுக்குள் இருக்கிறது என்று வந்திருக்கிறது. எரிச்சல் இல்லையே, இந்த வயசில் எதற்கு என்று விட்டுவிட்டோம். அவருக்கு மட்டும் ஆபரேஷன் பார்க்கலாமா?
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்:

அம்மா, நீங்கள் நேர் எதிராகக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். உங்கள் கணவருக்கு இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். மாமியாரை இந்த மாதத்துக்குள் ஓர் அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் காட்ட வேண்டும். இரண்டு ரிப்போர்ட்டிலும் ஒரே பெயர் இருந்தாலும் உள்ளே நடப்பது வேறு வேறு.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரைக்கு உதரவிதானம் என்று பெயர். அதில் இருக்கும் ஒரு துவாரம் வழியாகத்தான் உணவுக்குழாய் வயிற்றுக்குள் இறங்கி இரைப்பையோடு சேர்கிறது. அந்தச் சந்திப்பில் அமிலம் மேலே வராமல் இருக்க ஒரு கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போட்டதுபோல ஓர் ஏற்பாடு உண்டு. உணவுக்குழாயின் அடிமுனையில் இருக்கும் சுருக்குத்தசை ஒன்று. உங்கள் ரிப்போர்ட்டில் எல்.இ.எஸ். என்று இருப்பது அதுதான். துவாரத்தைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருக்கும் உதரவிதானத் தசை இன்னொன்று. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே இடத்தில் இருக்கும்வரை, நாம் இருமினாலும் குனிந்தாலும் சுமை தூக்கினாலும் அமிலம் கீழேயே நிற்கும்.

இரைப்பை இந்தத் துவாரம் வழியாக நெஞ்சுக்குள் ஏறுவதுதான் ஹையாடஸ் ஹெர்னியா. அதன் முதல் வகையில் இந்தச் சந்திப்பே வழுக்கிக்கொண்டு மேலே ஏறிவிடுகிறது. ஸ்லைடிங் என்பது இதைத்தான். ஹையாடஸ் ஹெர்னியாக்களில் நூற்றுக்கு 95 இந்த வகை. சுருக்குத்தசை மேலே போய்விட, உதரவிதானத் தசை கீழேயே நின்றுவிடுகிறது. இரண்டும் பிரிந்த பிறகு தனித்தனியாக இரண்டுமே பலவீனம்தான். போதாததற்கு, இடையில் இரைப்பையின் ஒரு சிறு பகுதி பைபோல மாட்டிக்கொள்கிறது. சாப்பிட்டு முடித்ததும் உணவின் மேல் ஓர் அமிலப் படலம் மிதக்கும். அது இந்தப் பைக்குள் வந்து தேங்கும். அடுத்த தடவை எச்சில் விழுங்கும்போது சுருக்குத்தசை திறக்கும் அல்லவா, அந்த நேரம் பார்த்து அது மேலே ஏறிவிடும். உங்கள் கணவருக்குப் படுத்தவுடன் புளித்த தண்ணீர் வருவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் 2 செ.மீ. என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எண்டோஸ்கோப்பி குழாயில் சென்டிமீட்டர் கோடுகள் இருக்கும். பல்லிலிருந்து 38 செ.மீ. தூரத்தில் சந்திப்புக் கோடு, 40 செ.மீ. தூரத்தில் உதரவிதானம் இறுக்கும் இடம் என்றால், வித்தியாசமான 2 செ.மீ.தான் ஹெர்னியாவின் அளவு. உள்ளே காற்றடித்திருக்கும்போது, நோயாளி குமட்டி முக்கும்போது, இந்தச் சந்திப்பு தானாகவே மேலும் கீழும் போய்வரும். அதனால் 2 செ.மீ.க்குள் இருக்கும் ஹெர்னியா ஒரு டாக்டர் கண்ணில் படும், இன்னொருவர் கண்ணில் படாது. எல்.இ.எஸ். லாக்ஸ், அதாவது சுருக்குத்தசை தளர்ந்திருக்கிறது என்பதும் அப்படித்தான், கண்ணால் பார்த்துச் சொல்லும் ஓர் அபிப்பிராயம். நம் ஊர் எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டுகளில் பாதிக்கு மேல் அது இருக்கும் என்று சொல்லத் தோன்றுகிறது. அதை மட்டும் வைத்து யாருக்கும் கத்தி எடுப்பதில்லை.

அந்த ரிப்போர்ட்டில் நீங்கள் தேட வேண்டியது வேறு ஒரு வரி. உணவுக்குழாயில் அமிலம் பட்ட புண் இருக்கிறதா, இருந்தால் எந்த கிரேடு என்று ஏ, பி, சி, டி எழுத்தில் குறிப்பிட்டிருப்பார்கள். சி அல்லது டி என்றால், அமிலம் மேலே ஏறும் ரிஃப்ளக்ஸ் நோய் உறுதி. புண் இல்லை, அல்லது ஏ என்று இருந்தால், எரிச்சலுக்கு அமிலம்தான் காரணம் என்று இன்னும் நிரூபணம் ஆகவில்லை என்றுதான் அர்த்தம்.

மாத்திரை சாப்பிட்டும் சரியாகவில்லை என்கிறீர்கள். எப்போது சாப்பிடுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். என்னிடம் வரும் ட்ரெய்லர் டிரைவர்கள் சொல்லும் கதை கிட்டத்தட்ட ஒன்றுதான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுக கேட்டுக்கு வரிசையில் நிற்கும்போது ராத்திரி பதினொரு மணிக்குப் பிரியாணியோ, பர்மா கடை அத்தோவோ சாப்பிடுவார்கள். வயிறு உப்புசமாக இருக்கிறதே என்று ஏப்பம் வர ஒரு கோலி சோடா. எரிச்சல் தொடங்கியதும் ஒரு மாத்திரை. அப்புறம் கேபினிலேயே படுத்துவிடுவார்கள். இதில் மாத்திரை வேலை செய்யவே வாய்ப்பில்லை. பான்டோப்ரசோல் போன்றவை ஏற்கெனவே சுரந்த அமிலத்தை ஒன்றும் செய்யாது. அமிலம் சுரக்கும் பம்புகளை அடைக்கும் மருந்து அது. சாப்பிடத் தொடங்கும்போதுதான் அந்தப் பம்புகள் வேலைக்கு வரும், அப்போது மருந்து ரத்தத்தில் இருக்க வேண்டும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு விழுங்க வேண்டும். இவருக்குத் தொந்தரவு ராத்திரியில் என்பதால், 40 மி.கி. மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பு தரலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். எட்டு வாரம் விடாமல் இப்படிச் சாப்பிட்ட பிறகுதான் கேட்டதா, கேட்கவில்லையா என்று சொல்ல முடியும். சோடாவை நிறுத்தச் சொல்லுங்கள். இரைப்பை காற்றில் உப்பினால் சுருக்குத்தசை தானாகவே தளர்ந்து வழிவிடும். ஏப்பத்தோடு அமிலமும் வரும்.

சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். ஷிஃப்ட் வேலையில் முழுச் சாப்பாட்டை எட்டு மணிக்கே முடித்து, பதினொரு மணிக்குப் பசித்தால் இரண்டு இட்லியோடு நிறுத்துவதுதான் நடக்கிற காரியம். வீட்டில் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள். தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி அழுத்தம் கூடும், பலன் இருக்காது. கேபினில் படுக்கும்போது இடது பக்கமாகச் சாய்ந்து படுக்கட்டும். அந்தப் பக்கம் படுத்தால் இரைப்பையின் உள்ளடக்கம் சந்திப்புக்குக் கீழே தங்கும். 92 கிலோவில் ஏழெட்டு கிலோ குறைந்தாலே வயிற்றுக்குள் அழுத்தம் இறங்கி வித்தியாசம் தெரியும். ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 41 வயது, பருமன், உட்கார்ந்த வேலை என்றால் நெஞ்செரிச்சல் என்று சொல்வதில் இதயவலியும் ஒளிந்திருக்கலாம். நடக்கும்போதோ படி ஏறும்போதோ வந்தால், வியர்த்தால், முதலில் ஈ.சி.ஜி., பிறகுதான் மாத்திரை.

சரி, இந்த வகைக்கு எப்போதுதான் ஆபரேஷன்? எரிச்சல் மருந்தில் அடங்கி, ஆனால் சாப்பிட்டது புளித்த தண்ணீராக மேலே வருவது மட்டும் நிற்காமல் இருந்தால் யோசிக்கலாம். மருந்து எடுத்தும் புண் ஆறாவிட்டால் யோசிக்கலாம். மருந்து நன்றாகக் கேட்கிறது, ஆனால் ஆயுளுக்கும் மாத்திரை வேண்டாம் என்று நோயாளியே முடிவெடுத்தாலும் யோசிக்கலாம். மருந்து கொஞ்சமும் கேட்காதவர் விஷயம் வேறு. அவருக்கு ஆபரேஷனும் பெரும்பாலும் ஏமாற்றம்தான் தரும், ஏனென்றால் அவருடைய தொந்தரவு அமிலத்தால் வராததாக இருக்கலாம். அதனால்தான் முடிவுக்கு முன் இரண்டு பரிசோதனை செய்கிறோம். மூக்கு வழியாக மெல்லிய கம்பி ஒன்றை இறக்கி 24 மணி நேரம் அமிலத்தை அளப்பது ஒன்று. அந்த நேரத்தில் 6 சதவீதத்துக்கு மேல் உணவுக்குழாயில் அமிலம் இருந்தால் ரிஃப்ளக்ஸ் உறுதி, 4க்குக் கீழே என்றால் இயல்பு. உணவுக்குழாய் சரியாகச் சுருங்கித் தள்ளுகிறதா என்று அழுத்தம் பார்க்கும் மேனோமெட்ரி இன்னொன்று. தள்ளும் பலமே இல்லாத குழாயின் அடியில் இறுக்கிக் கட்டினால் சோறு இறங்காது.

ஆபரேஷன் செய்துவிட்டால் அதோடு முடிந்துவிடும் என்பதும் சரியில்லை. மருந்து கேட்ட நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் என்று கொடுத்து ஐரோப்பாவில் ஒப்பிட்டார்கள். 2011இல் வெளியான முடிவின்படி, ஐந்தாண்டு கழித்து மாத்திரைக் குழுவில் 92 சதவீதமும் ஆபரேஷன் குழுவில் 85 சதவீதமும் நோய் கட்டுக்குள் இருந்தார்கள். இரண்டுமே நல்ல வழிதான். அவசரப்பட ஒன்றுமில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது மாமியார். இரண்டாவது வகையில் சந்திப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். இரைப்பையின் மேல்பகுதி மட்டும் உணவுக்குழாய்க்குப் பக்கத்தில் நுழைந்து நெஞ்சுக்குள் ஏறிவிடும். தாழ்ப்பாள் இரண்டும் அதனதன் இடத்தில் இருப்பதால் எரிச்சல் இல்லாமல் போகலாம். சுத்தமான இரண்டாவது வகை அபூர்வம். உங்கள் மாமியாருக்கு வந்திருக்கும் மூன்றாவது வகையில் சந்திப்பும் ஏறும், பக்கத்தில் இரைப்பையும் ஏறும். பக்கவாட்டில் ஏறும் ஹெர்னியாக்களில் பெரும்பாலானவை இதுதான். இரைப்பையோடு குடலோ மண்ணீரலோ சேர்ந்து போனால் அது நான்காவது.

மூன்றாவது வகையில் எரிச்சல் வரலாம், வராமலும் போகலாம். இரைப்பை ஏறி மடங்கிக் கிடப்பதால் வழியே முறுக்கிக்கொண்டு அமிலம் மேலே வராமல் இருப்பதும் உண்டு. அவரிடம் ஒன்று கேளுங்கள்: பல வருடம் முன்பு எரிச்சல் இருந்து, எந்த வைத்தியமும் இல்லாமல் தானாக நின்றதா? இப்படிச் சொல்பவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். அது நோய் குணமானதால் இல்லை, ஹெர்னியா பெரிதானதால்.

அவருடைய தொந்தரவெல்லாம் இடநெருக்கடியால் வருபவை. நெஞ்சுக்குள் இருக்கும் இரைப்பை நாலு வாய் சோற்றில் நிரம்பி, பக்கத்தில் இருக்கும் நுரையீரலையும் இதயத்தையும் அழுத்துகிறது. மூச்சு வாங்குவதில் ரத்தக் குறைவுக்கும் பங்கு உண்டு. அந்த ரத்தம் எங்கே போகிறது என்பதற்கும் இங்கே ஒரு விடை இருக்கிறது. உதரவிதானத் துவாரத்தின் விளிம்பு, மேலே ஏறிய இரைப்பையை ஒவ்வொரு மூச்சுக்கும் உராய்ந்துகொண்டே இருக்கும். அங்கே இரைப்பையின் உள்சுவரில் நீளக் கீறலாகப் புண் வரும். 1986இல் இதை விவரமாக எழுதிய கேமரன் என்ற மருத்துவர் பெயரால் கேமரன் புண் என்கிறோம். பெரும்பாலும் வாந்தியில் ரத்தம் வராது, வலிக்காது. மாதக்கணக்கில் துளித்துளியாகக் கசிந்து இரும்புச்சத்தைக் காலி செய்துவிடும். எண்டோஸ்கோப்பியில் குழாயைத் திருப்பிப் பார்த்து அந்த விளிம்பைத் தேடினால்தான் தெரியும், அவசரத்தில் பார்த்தால் தவறிவிடும். ஆனால் 69 வயதில் ரத்தம் குறைந்தால் எல்லாவற்றுக்கும் ஹெர்னியா மேல் பழி போட்டுவிட முடியாது. பெருங்குடலில் கட்டி இல்லை என்று கொலனோஸ்கோப்பி செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். இதை யாரும் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

இந்த வகைக்கு எல்லோருக்குமே ஆபரேஷன் என்றுதான் ஒரு காலத்தில் சொன்னார்கள். 1967இல் ஸ்கின்னர், பெல்ஸி என்ற இரு மருத்துவர்கள், அதிகத் தொந்தரவு இல்லை என்று ஆபரேஷன் செய்யாமல் விட்ட 21 பேரில் 6 பேர் இறந்ததாக எழுதியதுதான் அதற்குக் காரணம். 2002இல் அமெரிக்காவில் இதைத் திரும்பக் கணக்கிட்டபோது, தொந்தரவு இல்லாதவர்களில் அவசர ஆபரேஷன் தேவைப்படுவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்குத்தான் என்று தெரிந்தது. அதிலிருந்து, தொந்தரவே இல்லாத முதியவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று மாறிவிட்டோம். நீங்கள் விட்டுவிட்டதும் அந்த நியாயத்தில்தான். ஆனால் உங்கள் மாமியார் அந்தக் கூட்டத்தில் சேரமாட்டார். சோறு இறங்கவில்லை, மூச்சு வாங்குகிறது, ரத்தம் ஏற்றியாகிவிட்டது. எரிச்சல் இல்லை என்பதற்காகத் தொந்தரவு இல்லாதவர் என்று அவரைச் சொல்ல முடியாது.

நாங்கள் பயப்படுவது இரைப்பை தன்னைத்தானே முறுக்கிக்கொள்வதற்கு. அப்படி ஆனால் மேல்வயிற்றிலோ நெஞ்சிலோ திடீரென்று கடும் வலி வரும், குமட்டிக் குமட்டி எடுக்கும், ஆனால் ஒன்றும் வெளியே வராது. ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக ரப்பர் குழாய் இறக்கினால் இறங்காது. இந்த மூன்றையும் சேர்த்து 1904லேயே போர்ஷார்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் குறித்து வைத்திருக்கிறார். ரத்த ஓட்டம் நின்றால் இரைப்பையே அழுகிவிடும். அப்படி ஒரு ராத்திரி வந்தால் கேஸ் டிரபிள் என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். பெரிய ஹெர்னியா இருக்கிறது என்பதை முதல் வாக்கியத்திலேயே டாக்டரிடம் சொல்லுங்கள், சி.டி. படத்தையும் கையோடு கொண்டுபோங்கள். அந்த நிலையில் செய்யும் ஆபரேஷனில் ஆபத்து, நிதானமாகத் திட்டமிட்டுச் செய்வதைவிடப் பல மடங்கு.

திட்டமிட்டுச் செய்வது என்றால் முதலில் ரத்தத்தைச் சரிசெய்வார்கள். 7.8 அளவை மாத்திரையால் ஏற்ற நாளாகும் என்பதால் பெரும்பாலும் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றி, 10க்கு மேல் கொண்டுவந்த பிறகு நாள் குறிப்பார்கள். அதற்குள் எக்கோவும் நுரையீரல் பரிசோதனையும் முடிந்துவிடும். ஆபரேஷன் லேப்ராஸ்கோப்பியில், ஐந்து சிறு துளை வழியாக. இரைப்பையைக் கீழே இழுத்துவிடுவது மட்டும் போதாது. அதைச் சுற்றி நெஞ்சுக்குள் உருவாகியிருக்கும் சவ்வுப் பையை முழுக்கப் பிரித்தெடுக்க வேண்டும், ஆபரேஷனில் நேரம் பிடிக்கும் வேலை இதுதான். உணவுக்குழாயின் கடைசி 2, 3 செ.மீ. இழுவை இல்லாமல் வயிற்றுக்குள் நிற்கும் அளவுக்கு அதைத் தளர்த்த வேண்டும். இழுத்துக்கொண்டு நின்றால் நாளைக்குத் திரும்ப மேலே போய்விடும். அப்புறம் விரிந்த துவாரத்தைக் கரையாத நூலால் தைத்துச் சுருக்குவார்கள். கடைசியாக இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றிக் கட்டுவது. முழுச் சுற்றாகக் கட்டினால் நிஸ்ஸன், முக்கால் சுற்றாகக் கட்டினால் டூபே. வயதானவர்களுக்கு முக்கால் சுற்றைத்தான் நான் விரும்புவேன், விழுங்குவதில் சிரமம் குறைவு. வலை வைத்துத் தைப்பது பற்றி எங்களுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை. உடம்பு நீண்ட மயக்கத்தைத் தாங்காது என்றால், இரைப்பையைக் கீழே இறக்கி வயிற்றுச் சுவரோடு தைத்து நிறுத்துவதோடு முடித்துக்கொள்வதும் உண்டு. அது ஒரு சமரசம்தான், ஆனால் முறுக்கிக்கொள்ளாமல் பெரும்பாலும் தடுத்துவிடும்.

திரும்ப வருமா என்று கேட்பீர்கள். வரும். பெரிய ஹெர்னியாவுக்கு ஆபரேஷன் செய்தவர்களை ஐந்தாண்டு கழித்து பேரியம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறிதாகவாவது திரும்பியிருந்தது. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்குப் பழைய தொந்தரவு இல்லை, மறு ஆபரேஷன் தேவைப்பட்டவர்கள் மிகச் சிலர். எக்ஸ்ரேயில் எப்படித் தெரிகிறது என்பதைவிட, அவர் ஒரு தட்டு சோறு மூச்சு வாங்காமல் சாப்பிடுகிறாரா, ரத்தம் குறையாமல் நிற்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

ஆபரேஷனுக்குப் பிறகு முதல் வாரம் கஞ்சி, ரசம் மாதிரி நீர் உணவு. அடுத்து நாலைந்து வாரம் குழைந்த சோறு, ரசத்தில் ஊறிய இட்லி, முள் எடுத்த மீன். பரோட்டா, மட்டன், காய்ந்த ரொட்டி கிட்டேயே வரக்கூடாது, தைத்த இடம் வீங்கியிருக்கும்போது அடைத்துக்கொள்ளும். ஏப்பம் விட முடியாமல் வயிறு உப்புவதாகவும் சொல்வார், சில மாதத்தில் குறையும். அதுவரை நடந்துகொண்டே இருக்கட்டும், குனிந்து தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம்.

உங்கள் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இரைப்பை, குடல் அறுவைச் சிகிச்சைக்குத் தனித் துறை இருக்கிறது. புறநோயாளிப் பிரிவுக்குக் காலையில் போங்கள். சி.டி. ஃபிலிமையே கொண்டுபோங்கள், தட்டச்சு செய்த ரிப்போர்ட் மட்டும் போதாது. பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை தேதி வாரியாக அடுக்கிக்கொள்ளுங்கள். ரத்தம் ஏற்றிய டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரையோ மூட்டுவலி மாத்திரையோ சாப்பிடுகிறார் என்றால் அந்த அட்டையைக் காட்டுங்கள். கேமரன் புண்ணை அவை இன்னும் கசிய வைக்கும். அதுவரை அவருக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை உணவு கொடுங்கள். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறதா என்று விசாரியுங்கள். இரும்பு மாத்திரையாலும் கறுக்கும், ஆனால் தார் மாதிரி ஒட்டி, துர்நாற்றமும் அடித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போங்கள்.